சராசரி ஒன்று, சிதறல் வேறு: எட்டுச் செம்பனைக் குலைகளில் திட்ட விலக்கம்

படிவம் 4 கணிதம், சனிக்கிழமை வகுப்புக் குறிப்பு, சுங்கை சிப்புட்

ஒரு தோட்டத்தில் இரண்டு பிளாக். ஒவ்வொன்றிலும் வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளில் எட்டை எடுத்துத் தராசில் வைத்தால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (கிலோவில்):

பிளாக் அ: 17, 18, 19, 17, 18, 20, 19, 16
பிளாக் ஆ: 9, 26, 14, 22, 18, 11, 25, 19

ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாகக் கூட்டினால் 144. எட்டால் வகுத்தால் 18. கிராணி தன் கணக்கில் "சராசரிக் குலை 18 கிலோ" என்று மட்டும் எழுதிவிட்டால் இரண்டு பிளாக்கும் ஒன்றுதான். லோரியில் ஏற்றுகிறவருக்கு மட்டும் தெரியும், ஒன்றல்ல என்று. முதலாவதில் எந்தக் குலையைத் தூக்கினாலும் ஏறக்குறைய அதே கனம். இரண்டாவதில் ஒன்று 9 கிலோ, அடுத்தது 26. இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்வதற்குத்தான் திட்ட விலக்கம். வினாத்தாளில் சிசிஹான் பியாவாய், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று இரு மொழியிலும் இருக்கும். மலாய்ப் பகுதியில் வரும் "மின்" என்பது சராசரி. அதை மினிமம் என்று நினைத்து மிகச் சிறிய எண்ணை எழுதிவிட்டு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

வீச்சு பார்த்தால் போதாதா? அ-வுக்கு 20 − 16 = 4, ஆ-வுக்கு 26 − 9 = 17. வேறுபாடு தெரிகிறதுதான். ஆனால் வீச்சு இரண்டு முனைகளை மட்டும் பார்க்கிறது, நடுவில் இருக்கும் ஆறு குலைகளையும் கண்டுகொள்வதில்லை. எல்லாக் குலையும் கணக்கில் வர வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆ பிளாக்கை எடுத்துக்கொள்வோம்.

| எடை x | x − 18 | (x − 18)² |
|---|---|---|
| 9 | −9 | 81 |
| 26 | 8 | 64 |
| 14 | −4 | 16 |
| 22 | 4 | 16 |
| 18 | 0 | 0 |
| 11 | −7 | 49 |
| 25 | 7 | 49 |
| 19 | 1 | 1 |
| 144 | 0 | 276 |

நடு நிரலின் கூட்டுத்தொகை சுழியம். இது தற்செயல் அல்ல. சராசரி என்பதே கூடுதலும் குறைவும் சரிக்குச் சரியாகும் இடம். அதனால் விலக்கங்களை அப்படியே கூட்டினால் எந்தத் தரவுக்கும் சுழியம்தான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இது நல்ல சோதனை: நடு நிரல் சுழியம் ஆகவில்லை என்றால் மேலே எங்கோ கழித்தலில் பிழை. வர்க்கம் எடுப்பதற்கு முன்பே நிறுத்திச் சரி பாருங்கள்.

வர்க்கம் எடுத்தால் குறைக்குறி போய்விடும். 276-ஐ 8-ஆல் வகுத்தால் 34.5. இது விலக்க வர்க்கச் சராசரி, வினாத்தாளில் வாரியன்ஸ். இதன் அலகு "கிலோ வர்க்கம்". அப்படி ஒன்றைத் தராசில் யாரும் நிறுத்ததில்லை. வர்க்கமூலம் எடுத்தால்தான் மறுபடியும் கிலோவுக்கு வருகிறோம்: √34.5 = 5.87 கிலோ.

அ பிளாக்குக்கு விலக்கங்கள் −1, 0, 1, −1, 0, 2, 1, −2. வர்க்கங்களின் கூட்டு 12, எட்டால் வகுத்தால் 1.5, வர்க்கமூலம் 1.22 கிலோ.

சூத்திரம் இரண்டு உருவத்தில் வரும்:

```
σ = √( Σ(x − x̄)² / N )
σ = √( Σx² / N − x̄² )
```

இரண்டாவதில் எண்களை நேராக வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். ஆ-வுக்கு Σx² = 2868. 2868 ÷ 8 = 358.5. அதிலிருந்து 18² = 324-ஐக் கழித்தால் அதே 34.5. சராசரி முழு எண்ணாக இல்லாதபோது இது வேகமானது. ஆபத்தானதும் இதுதான்.

ஏன் என்று பாருங்கள். அ பிளாக்கில் கடைசிக் குலை 16-க்குப் பதில் 19 கிலோ என்று வைப்போம். கூட்டு 147, சராசரி 18.375. Σx² = 2709, எட்டால் வகுத்தால் 338.625. சராசரியை முழுமையாக வைத்தால் 338.625 − 337.640625 = 0.984375, திட்ட விலக்கம் 0.99. "ஒரு தசமம் போதும்" என்று சராசரியை 18.4 ஆக்கிவிட்டால் 338.625 − 338.56 = 0.065, திட்ட விலக்கம் 0.25. நான்கில் ஒரு பங்கு! 18.5 என்று எழுதினால் விடை குறை எண்ணாகி, வர்க்கமூலமே எடுக்க முடியாமல் கால்குலேட்டர் பிழை காட்டும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கும்போது, பெரியவற்றில் செய்த சிறு சுருக்கம் சிறியதை விழுங்கிவிடுகிறது. ஆகவே சராசரியைக் கடைசி வரி வரைக்கும் சுருக்காதீர்கள். 147/8 என்றே வைத்திருங்கள்.

இன்னொரு வழக்கமான குளறுபடி: Σx²-ஐயும் (Σx)²-ஐயும் ஒன்றாக நினைப்பது. 2868 வேறு, 144² = 20736 வேறு.

Casio fx-570MS வைத்திருப்பவர்கள் விடையைச் சரி பார்க்க:

```
MODE MODE 1            (SD)
SHIFT CLR 1 =          (பழைய தரவை அழிக்க)
9 M+  26 M+  14 M+ ... 19 M+
SHIFT 2 1 =            (x̄)
SHIFT 2 2 =            (xσn)
```

ஒவ்வொரு முறை `M+` அழுத்தும்போதும் திரையில் n எத்தனை என்று வரும். கடைசி எண்ணைப் போட்டதும் n = 8 இருக்க வேண்டும். 16 என்று வந்தால் முந்தைய கணக்கின் தரவை அழிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் `MODE 1` அழுத்தி வெளியே வாருங்கள்.

அதே பட்டியலில் மூன்றாவதாக `xσn-1` இருக்கிறது. அதை அழுத்தினால் ஆ-வுக்கு 6.28, அ-வுக்கு 1.31 வரும். எட்டுக்குப் பதில் ஏழால் வகுப்பதால்தான் இந்த வேறுபாடு. கையில் இருக்கும் எட்டுக் குலைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்றால் N-ஆல் வகுப்பது சரி. எஸ்.பி.எம் கணிதத்தில் நீங்கள் படிக்கும் சூத்திரம் இதுதான், எழுத வேண்டியதும் இதுதான். எட்டை மாதிரியாக வைத்து முழு பிளாக்கின் சிதறலை மதிப்பிட வேண்டுமென்றால் N − 1. எட்டுக் குலைகளும் தங்களுடைய சொந்தச் சராசரியைச் சுற்றித்தான் அளக்கப்படுகின்றன. பிளாக்கின் உண்மைச் சராசரி கொஞ்சம் தள்ளி இருக்கலாம், அதிலிருந்து அளந்திருந்தால் வர்க்கங்களின் கூட்டு இதைவிடக் கூடியிருக்குமே தவிர குறைந்திருக்காது. அந்தக் குறையை ஈடு செய்யத்தான் சிறிய எண்ணால் வகுக்கிறோம். எக்செலில் இவை `STDEV.P`, `STDEV.S`.

விடை கிடைத்ததும் ஒரு பார்வைச் சோதனை: N-ஆல் வகுத்த திட்ட விலக்கம் வீச்சின் பாதியைத் தாண்டவே தாண்டாது. ஆ-வில் வீச்சின் பாதி 8.5, நம் விடை 5.87. சரி. 34.5 என்று எழுதியிருந்தால் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டீர்கள்.

இனி, இந்த எண் என்ன சொல்கிறது? 1.22 என்றால் அ பிளாக்குக் குலைகள் வழக்கமாக 18-லிருந்து ஒரு கிலோ சொச்சம் இப்படியோ அப்படியோ இருக்கும். ஆ-வில் அது ஆறு கிலோவை நெருங்குகிறது. சராசரியின் பங்காகச் சொன்னால் முதலாவது 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது 33-ஐ ஒட்டி. நூறு குலையைப் பார்க்காமலேயே "ஒரு குலை 18 கிலோ" என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், அ-வில் தைரியமாகச் சொல்லலாம். ஆ-வில் சொல்லக்கூடாது.

ஆனால் சிதறல் குறைவு என்பதும் நல்ல விளைச்சல் என்பதும் வேறு வேறு. எட்டுக் குலையும் 9 கிலோ என்றால் திட்ட விலக்கம் சுழியம். எல்லாம் ஒரே சீராகச் சிறியவை, அவ்வளவுதான். "யாரைத் தேர்ந்தெடுப்பாய்" என்று கேள்வி வந்தால் முதலில் சராசரியை ஒப்பிடுங்கள், பிறகு சிதறலைச் சொல்லுங்கள். காரணத்தையும் இந்த எண் சொல்லாது. மரத்தின் வயது கூடக் கூடக் குலையின் எடை கூடும் என்பதால், ஆ-வில் இளமரமும் முதுமரமும் கலந்திருக்கலாம். அதைப் பிளாக்குக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சராசரிக்கு இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 விழுக்காடு இருக்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது மணி வடிவப் பரவலுக்குரியது. எட்டு எண்ணில் அதைத் தேடாதீர்கள்: அ-வில் 16.78-க்கும் 19.22-க்கும் இடையே ஆறு குலைகள், ஆ-வில் 12.13-க்கும் 23.87-க்கும் இடையே நான்குதான். எந்தத் தரவுக்கும் பொருந்துவது இது: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது முக்கால்வாசி இருக்கும்.

எழுத்துப் பிழை ஒன்று என்ன செய்யும் என்றும் பார்த்துவிடுங்கள். அ-வில் 16-ஐத் திருப்பி 61 என்று எழுதிவிட்டால் சராசரி 23.625, திட்ட விலக்கம் 14.16. எட்டில் ஏழு எண்கள் சராசரிக்குக் கீழே! வர்க்கம் எடுப்பதால் தூரத்தில் நிற்கும் ஒற்றை எண் மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. "மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் சந்தேகப்படு" என்ற விதி இங்கே கைகொடுக்காது. 61 நிற்பது 2.64 திட்ட விலக்கத் தூரத்தில். N எண்கள் உள்ள தரவில் எதுவும் √(N−1) மடங்கைத் தாண்ட முடியாது. எட்டுக்கு அது 2.65. ஆகவே சிறிய தரவில் சூத்திரத்துக்கு முன் கண்ணைப் பயன்படுத்துங்கள். தராசே எல்லாவற்றுக்கும் 2 கிலோ கூட்டிக் காட்டினால் மட்டும் இந்தச் சங்கடம் இல்லை: சராசரி 20 ஆகும், திட்ட விலக்கம் அசையாது.

வீட்டுக்கு ஒரு கணக்கு. இரண்டு பால்மரம் வெட்டுபவர்கள், வேறு வேறு வாரத்தில் ஐந்து நாள் எடுத்த பால் (லிட்டர்):

முதலாமவர்: 12, 15, 11, 14, 13
இரண்டாமவர்: 16, 15, 4, 15, 15

விடை: இருவருக்கும் சராசரி 13. திட்ட விலக்கம் முதலாமவருக்கு √2 = 1.41, இரண்டாமவருக்கு √20.4 = 4.52. "முதலாமவரே சீரானவர்" என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த 4 லிட்டர் மழை பெய்து பாதியில் நிறுத்திய நாள் என்று தெரிந்தால், அதை நீக்கிய நான்கு நாளுக்குச் சராசரி 15.25, திட்ட விலக்கம் 0.43. சீரானவர் யார் என்ற விடை அப்போது மாறிவிடுகிறது.