இரண்டாம் வகுப்பு: கத்தியும் கை சுத்தமும்

எல்லோரும் வந்தாச்சா? சரி. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். விரலிடுக்கு, கட்டைவிரலின் பின்பக்கம், நகத்தடி, இந்த மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகிற இடங்கள். கழுவிய கையைப் புடவைத் தலைப்பில் துடைக்காதீர்கள், பேப்பர் டவல் வைத்திருக்கிறேன். நடுவில் போனைத் தொட்டால் மறுபடியும் குழாயடிக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது பலகை. அடியில் ஈரத்துணியை விரித்து வையுங்கள், வழுக்காது. காய்க்கு ஒரு பலகை, மீன், கறிக்கு வேறு பலகை. வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் காயை நறுக்கி எடுத்துவிட்டு அப்புறம் மீனுக்கு வாருங்கள். முடிந்ததும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள்.

நான் செய்வதைப் பாருங்கள். கத்தியின் பிடியை மட்டும் பற்றாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியைக் கிள்ளிப் பிடிக்கின்றன. மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்றி. ஆள்காட்டி விரலை அலகின் மேல் நீட்டக் கூடாது, கத்தி ஆடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது இடது கையைத்தான். விரல்நுனிகளை உள்ளே மடக்குங்கள், பூனை பாதம் மாதிரி. கட்டைவிரல் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். அலகு விரல் கணுவை உரசியபடி மேலும் கீழும் போகும். கணுவுக்கு மேல் கத்தியைத் தூக்காதவரை விரல் வெட்டுப்படாது. அரிவாள்மனையில் பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம். அதில் அலகு நிற்கும், காய் நகரும். இங்கே காய் நிற்க வேண்டும். பழக்கதோஷத்தில் காயைக் கத்திக்குள் தள்ளிவிடாதீர்கள்.

கேரட் உருளும். ஒரு பக்கம் மெல்லிசாகச் சீவித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து நறுக்குங்கள். வெங்காயத்தில் வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை வெட்டாதீர்கள், அதுதான் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. மழுங்கிய கத்தி பத்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தக்காளியில் வைத்துப் பாருங்கள்: தோலில் இறங்காது, நீங்கள் அழுத்துவீர்கள், வழுக்கி விரலுக்கு வரும்.

இனி உங்கள் முறை. மேஜைக்கு இரண்டு பேர்: ஒருவர் நறுக்க, மற்றவர் அவருடைய இடது கையை மட்டும் கவனிக்க வேண்டும். முதலில் வெள்ளரிக்காய், அப்புறம் கேரட், கடைசியில் வெங்காயம். உங்கள் பிடியை நான் வந்து பார்த்த பிறகே முதல் வெட்டு. வேகம் வேண்டாம், ஒரே அளவாக வந்தால் போதும்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாமல் பின்னால் நகருங்கள். எடுத்துக்கொண்டு நடக்கும்போது முனை தரையைப் பார்க்கட்டும். சிங்க்கில் நுரைத் தண்ணீருக்குள் போட்டு வைக்காதீர்கள், அடுத்தவர் தெரியாமல் உள்ளே கையை விடுவார். விரல் வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள். காப்பித்தூள் வேண்டாம். ரத்தம் பட்ட காய் குப்பைக்கு.

நறுக்கியதை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். தாம்பரம், ஆவடி என்று தூரமாகப் போகிறவர்கள் இங்கேயே சாலட் கலந்து சாப்பிட்டுவிடுங்கள். உப்பும் எலுமிச்சையும் முன் மேஜையில் இருக்கின்றன.