n ≥ 5 எனில் 2ⁿ > n²: முழு நிரூபணமும் அந்த 5 வந்த கதையும்

நேற்று திருத்திய விடைத்தாள்களில், கணிதத் தொகுத்தறிதல் மூலம் இதை நிறுவச் சொன்ன கணக்கில் பலர் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தீர்கள். "n = 1 எனில் 2 > 1, ஆகவே உண்மை" என்று தொடங்கி, அடுத்த படியில் எப்படியோ (k + 1)²-ஐ வரவழைத்து, "எனவே நிறுவப்பட்டது" என்று முடித்திருந்தீர்கள். கணக்கில் n ≥ 5 என்று தெளிவாக இருந்தும் அந்த 5 யார் கண்ணையும் உறுத்தவில்லை. இந்தக் கணக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதனால் முழுவதையும் முதலிலிருந்து எழுதித் தருகிறேன்.

எதையும் நிறுவப் புகுமுன் சில மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்.

n = 1: 2 > 1
n = 2: 4 = 4
n = 3: 8 < 9
n = 4: 16 = 16
n = 5: 32 > 25
n = 6: 64 > 36
n = 7: 128 > 49

1-இல் கூற்று உண்மை. 2-இல் இரண்டு பக்கமும் சமம். 3-இல் வர்க்கம் முந்துகிறது, 4-இல் மறுபடியும் சமம். 5-இலிருந்துதான் அடுக்கு முன்னே போகிறது, அதன் பிறகு இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. n = 1-இல் உண்மையாக இருப்பது நமக்கு எந்த வகையிலும் உதவாது, ஏனென்றால் அங்கிருந்து புறப்படும் சங்கிலி அடுத்த எண்ணிலேயே அறுந்துவிடுகிறது.

இனி நிரூபணம். தேர்வில் இப்படி எழுதினால் போதும்.

தேற்றம். n ≥ 5 ஆக உள்ள எல்லா முழு எண்களுக்கும் 2ⁿ > n².

நிரூபணம். 2ⁿ > n² என்னும் கூற்றை P(n) என்போம்.

தொடக்கப் படி: n = 5 எனில் 2⁵ = 32, 5² = 25. 32 > 25 என்பதால் P(5) உண்மை.

தொகுத்தறி படி: k என்பது k ≥ 5 ஆக உள்ள ஏதேனும் ஒரு முழு எண் என்க. P(k) உண்மை, அதாவது 2ᵏ > k² எனக் கொள்வோம். P(k + 1) உண்மை, அதாவது 2ᵏ⁺¹ > (k + 1)² என நிறுவ வேண்டும்.

கருதுகோளின் இரு பக்கத்தையும் 2-ஆல் பெருக்க,

2ᵏ⁺¹ = 2 · 2ᵏ > 2k² = k² + k². … (1)

k ≥ 5 என்பதால்

k² = k · k ≥ 5k = 2k + 3k > 2k + 1. … (2)

(2)-இன் இரு பக்கமும் k²-ஐக் கூட்ட,

k² + k² > k² + 2k + 1 = (k + 1)². … (3)

(1), (3) இரண்டிலிருந்தும் 2ᵏ⁺¹ > (k + 1)². ஆகவே P(k) உண்மையானால் P(k + 1)-உம் உண்மை.

P(5) உண்மை என்பதால், கணிதத் தொகுத்தறிதல் கொள்கையின்படி n ≥ 5 ஆக உள்ள எல்லா முழு எண்களுக்கும் P(n) உண்மை. ∎

(2)-ஆம் வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்று 25 புள்ளிகளைச் சதுரமாக அடுக்குங்கள். இதை 6 × 6 ஆக்க எத்தனை புள்ளி சேர்க்க வேண்டும்? வலப்பக்கம் 5, கீழே 5, மூலையில் 1, ஆக 11. பொதுவாகச் சொன்னால் 2k + 1. வர்க்கம் ஒரு படி ஏறும்போது 25 புள்ளிகள் 36 ஆகின்றன. அதே நேரத்தில் 2ⁿ தன்னையே இரட்டிக்கிறது. 25-ஐ இரட்டித்தாலே 50 வந்துவிடும், நம் கையில் இருப்பதோ 32-இன் இரட்டிப்பான 64. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சதுரம் வளரத் தேவைப்படும் 2k + 1, நம்மிடம் உபரியாக இருக்கும் k²-க்குள் அடங்குகிறதா? அடங்குகிறது என்று சொல்வதுதான் (2).

ஒரு மாணவி நல்ல கேள்வி ஒன்றை எழுதியிருந்தார்: "தொகுத்தறிதல் 1-இல் தொடங்க வேண்டாமா? 5-இல் தொடங்க அனுமதி உண்டா?" உண்டு. சந்தேகம் இருந்தால் n = m + 4 என்று வைத்து, 2ᵐ⁺⁴ > (m + 4)² என்னும் கூற்றை Q(m) என்று அழையுங்கள். Q(1) என்பது P(5)-தான். Q(m)-இலிருந்து Q(m + 1)-க்குப் போவது, P(m + 4)-இலிருந்து P(m + 5)-க்குப் போவதேதான். அதாவது 1-இல் தொடங்கும் பழைய கொள்கையையே பயன்படுத்துகிறோம், எண்களின் பெயரை மட்டும் நான்கு இடம் தள்ளி வைத்திருக்கிறோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொகுத்தறி படிக்கு உண்மையில் k ≥ 5 தேவையா? 2k² > (k + 1)² என்பதைத் திருப்பி எழுதினால் k² − 2k − 1 > 0, அதாவது (k − 1)² > 2. இது k = 3-லேயே உண்மை: 4 > 2. ஆக, ஏறும் படி 3-லிருந்தே தயாராக இருக்கிறது. ஆனால் P(3) பொய், P(4)-உம் பொய். காலை ஊன்ற முதல் இடம் 5-இல்தான் கிடைக்கிறது. 1-இல் நிலைமை நேர்மாறு: ஊன்ற இடம் இருக்கிறது, படி இல்லை. k = 1 எனில் 2k² = 2, (k + 1)² = 4. k = 2 எனில் 8-உம் 9-உம். இரண்டிலும் படி உடைந்து கிடக்கிறது. n = 1-இல் தொடங்கியவர்கள், எந்த k-க்கு என்று சொல்லாமல் "2k² > (k + 1)²" என்று எழுதிய வரியில்தான் மதிப்பெண்ணை இழந்தீர்கள்.

தொடக்கப் படியை ஒரு சடங்காக நினைப்பவர்கள் "n > n + 1" என்ற கூற்றை எடுத்துப் பாருங்கள். k > k + 1 என்று கொண்டால், இரு பக்கமும் 1-ஐக் கூட்ட k + 1 > k + 2. தொகுத்தறி படியில் எந்தக் குறையும் இல்லை. கூற்றோ ஓர் எண்ணுக்குக்கூட உண்மையில்லை.

சிலர் 2ᵏ⁺¹ > (k + 1)² என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கீழ்நோக்கிச் சுருக்கிக்கொண்டு போயிருந்தீர்கள். நிறுவ வேண்டியதையே கருதுகோளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரட்டுத் தாளில் அப்படித் தேடுங்கள், விடைத்தாளில் 2ᵏ⁺¹-இல் தொடங்கி (k + 1)²-இல் முடியுங்கள்.

ஈருறுப்புத் தேற்றம் படித்தவர்களுக்குத் தொகுத்தறிதல் இல்லாமலே ஒரு வழி. 2ⁿ = (1 + 1)ⁿ என்பது பாஸ்கல் முக்கோணத்தின் n-ஆம் வரிசைக் கெழுக்களின் கூடுதல். அந்த வரிசையின் முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் மட்டும் எடுத்தால்

2ⁿ ≥ 2(1 + n + n(n − 1)/2) = n² + n + 2 > n².

இந்த ஆறு கெழுக்களும் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும், அதற்கு 2 < n − 2, அதாவது n ≥ 5 ஆக வேண்டும். n = 5-இல் வரிசையில் இருப்பதே அந்த ஆறுதான்: 1 + 5 + 10 + 10 + 5 + 1 = 32. n = 4-இல் 1 + 4 + 6 + 4 + 1 = 16; நடுவிலுள்ள 6 ஒன்றே ஒன்று, அதை இரண்டு முறை எண்ண முடியாது.