கறள் பிடித்த போல்ட் கழற்றும் பயிற்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மோட்டார் பொறிமுறை வகுப்பில் பிள்ளைகள் இப்போது கறள் பிடித்து இறுகிய போல்டுகளைக் கழற்றப் பழகுகிறார்கள். இதைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். "எஞ்சின் வேலை படிக்க அனுப்பினால் பழைய இரும்போடு மல்லுக்கட்ட விடுகிறீர்களே சேர்" என்றார் ஒரு தகப்பன். "கண்ணுக்குள் ஏதும் தெறித்தால் என்ன செய்வது?" என்று கேட்டார் ஒரு தாய். இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

முதலாவதுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கராஜ் வேலை என்றால் பாதி நேரம் கறளோடுதான் போகும். மூன்று பக்கமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் கரையோர வீடுகளில் கதவுக் கீல்கூடக் கறள் கட்டும். கடலில் ஓடும் எஞ்சினையும், உவர்த் தண்ணீர் இறைக்கும் பம்பையும், தீவுப்பக்கம் ஓடும் வாகனத்தின் அடிப்பாகத்தையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். இரும்பு கறளாக மாறும்போது முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். மரையின் இடைவெளிக்குள் அது வீங்கி நட்டையும் போல்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் போட்ட இடம் இதைவிட மோசம். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்துக்கொள்ளும். மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துபவர்களுக்கு இது அன்றாடத் தலையிடி. எஞ்சினைத் திறக்கத் தெரிந்தும் அதன் மூடியில் இருக்கிற நாலு போல்டைக் கழற்ற முடியாதவனை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்திருக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கராஜில் நடக்கும் காயங்களில் நிறைய இந்த வேலையில்தான் வரும். போல்ட் அசையவில்லை என்றதும் ஆள் செய்வது என்ன? ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளுவது. அந்த நேரம் ஸ்பனர் வழுக்கினாலோ போல்ட் முறிந்தாலோ, தள்ளின கை நேரே சேசிஸில் போய் அடிக்கும், விரல் மொளி கிழியும். வாகனத்துக்கு அடியில் படுத்திருந்து தள்ளினால் ஸ்பனர் முகத்துக்கு வரும். வாடிக்கையாளர் வாசலில் நிற்க, முதலாளி அவசரப்படுத்த, அந்த நேரத்தில் பொறுமை படிக்க முடியாது. அதனால்தான் அவசரம் இல்லாத இந்த இடத்தில், வைஸில் இறுக்கிய பழைய பாகத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போது பழகட்டும் என்கிறேன்.

பிள்ளை இங்கே செய்வதைச் சொல்கிறேன். முதலில் வயர் பிரஷால் கறளைத் தேய்த்து, மரை வெளியில் தெரியும் இடத்தில் கறள் இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டுக் காத்திருப்பது. பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். சில போல்டை முதல் நாள் எண்ணெய் விட்டு அடுத்த நாள்தான் தொடவிடுவேன். பிறகு போல்டின் தலையில் சுத்தியலால் அளவாக நாலைந்து தட்டு. அந்த அதிர்வில் கறள் வெடித்து எண்ணெய் உள்ளே இறங்கும். அடுத்தது ஆறு மூலைச் சொக்கெட். பன்னிரண்டு மூலைச் சொக்கெட் கறள் தின்ற தலையை மழித்துவிடும். கழற்றும் திசையில் திருப்புவதற்கு முன், முறுக்கும் திசையில் மிகச் சிறிதாக ஒருமுறை அசைத்துப் பார்ப்போம். "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் பிடி விட்டது என்று அர்த்தம். சத்தம் வராமல் போல்ட் கைக்கு மெல்ல இளகுவதுபோல் இருந்தால் உடனே நிறுத்தவேண்டும்; அது கழறவில்லை, முறியப்போகிறது. இந்த வித்தியாசத்தைக் கைதான் படிக்கவேண்டும், கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. ஸ்பனரைத் தள்ளாமல் தன் பக்கம் இழுப்பதும், தள்ளியே ஆகவேண்டிய இடத்தில் விரல்களை மடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுவதும் பழக்கத்தில் வருவதுதான்.

பாதுகாப்புக் கண்ணாடி வேலைத்தளத்துக்குள் நுழையும்போதே போட்டாகவேண்டும். தட்டுபவனின் கண்ணுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசையில் நிற்பவனின் கண்ணுக்கும் கறள் துகள் பறக்கும். பார்வைக்குப் போடும் கண்ணாடி இதற்குப் போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். கண்ணாடி போடுகிற பிள்ளைகளுக்கு அதற்கு மேலே போடக்கூடிய பெரியது தருகிறோம். ஸ்பனர் வேலைக்குத் தடித்த கையுறை போடச் சொல்வேன். ஆனால் துளைக்கும் மெஷினுக்குக் கிட்டப் போகும்போது கழற்றச் சொல்வேன், ஏனென்றால் சுழலும் துளையாணி துணியையோ தோலையோ பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். "ஒருக்கால் போடு என்கிறார், ஒருக்கால் கழற்று என்கிறார்" என்று பிள்ளை வீட்டில் முறையிட்டால் காரணம் இதுதான்.

சூடாக்கிக் கழற்றுவதைக் கடைசிக் கட்டத்தில், ஒரு நேரத்தில் ஒருவராக, என் கண் முன்னால் மட்டும் செய்வார்கள். எண்ணெய் விட்ட போல்டைத் துடைக்காமல் நெருப்புக் காட்டக்கூடாது, அது பற்றிக்கொள்ளும். நாகம் பூசிய போல்டைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், அதனால் அப்படியானவற்றை நானே முன்கூட்டிப் பிரித்தெடுத்து விடுகிறேன். சூடான இரும்பு 500 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழே இறங்கினால் சிவப்புத் தெரியாது, பார்க்க ஆறிய இரும்பு மாதிரித்தான் இருக்கும். தோலை உரிக்க அந்தச் சூடு தாராளம். ஆகவே இடுக்கி இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது விதி. வெளிக்கதவு திறந்திருக்கும், மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், பெற்றோல் டப்பா எதுவும் உள்ளே வராது.

கண்ணாடியும் கையுறையும் நாங்கள் தருவோம், அதற்குக் காசு கேட்கவில்லை. நீங்கள் பார்க்கவேண்டியது உடுப்பை. முன்பக்கம் மூடிய தடித்த சப்பாத்து வேண்டும். செருப்போடு வந்தால் அன்றைக்குப் பிள்ளை இருந்து பார்க்கவேண்டியதுதான், எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டேன். பருத்தி நீளக் காற்சட்டை நல்லது. நைலோன் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மோதிரம், காப்பு, கைக்கயிறு வேண்டாம். கோயில் நூல் என்றாலும் அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும், கழற்றக் கூடாத நூல் என்றால் எனக்குச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையை மெஷினில் விடாமல் வேறு வேலை கொடுக்கிறேன். நீண்ட முடியுள்ள பெண்பிள்ளைகள் இறுக்கிக் கொண்டை போட்டு வரட்டும். இழுப்பு, தோல் அலர்ஜி, கண்ணில் சத்திரசிகிச்சை செய்தது ஏதும் இருந்தால் திங்கட்கிழமைக்கு முன் தெரியப்படுத்துங்கள். இழுப்புள்ள பிள்ளையைச் சூட்டு வேலையில் சேர்க்கமாட்டேன், அதனால் புள்ளி குறையாது.

காயம் ஏற்பட்டால் முதலுதவி இங்கேயே செய்வோம். கண்ணில் துகள் போனால் தேய்க்க விடாமல், நாங்களாக எடுக்க முயலாமல், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம். தேவைப்பட்டால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுவோம். சின்னக் கீறலாக இருந்தாலும் அன்று மாலையே உங்களுக்கு அழைப்பு வரும். கறள் இரும்பில் வெட்டுப்பட்டால் ஏற்பு ஊசி பற்றி வைத்தியர் கேட்பார், கடைசியாக எப்போது போட்டது என்று வீட்டில் பார்த்துப் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சி முடிகிற மட்டும் வீட்டில் மோட்டார் சைக்கிளையோ தண்ணீர் மெஷினையோ தனியாகக் கழற்ற விடாதீர்கள். பாதி படித்த கைக்குத்தான் துணிவு கூட.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வேலைத்தளத்துக்கு வாருங்கள். வாசலில் உங்களுக்கும் ஒரு கண்ணாடி தருவோம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
மோட்டார் பொறிமுறை வகுப்பு ஆசிரியர்