வரவேற்புரை: வருடாந்தப் பரிசளிப்பு விழாவும் கலைநிகழ்வும்

எல்லோருக்கும் அன்பான மாலை வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் அதிபர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் எங்கள் பழைய மாணவர் ஐயா அவர்களே, ஆசி வழங்க வந்திருக்கும் பிள்ளையார் கோயில் குருக்கள் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, அயற் பாடசாலை அதிபர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாரே, சக ஆசிரியர்களே, பெற்றோரே, என் அன்புப் பிள்ளைகளே.

வரவேற்புரைக்கு ஐந்து நிமிடம் என்று அதிபர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மத்தியானத்திலிருந்து முகத்தில் பூச்சோடும் தலையில் பூவோடும் தரம் 6 வகுப்பறைக்குள் காத்திருக்கிறார்கள். அதனால் மற்றதையெல்லாம் சுருக்கிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பழைய மாணவர் ஐயா சில வருடங்களுக்கு முன் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தான் இங்கே தரம் 8 வரை படித்ததாகவும், விடுகைப் பத்திரத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். எங்களால் கொடுக்க முடியவில்லை. இடப்பெயர்வோடு எங்கள் சேர்விடாப்பு போய்விட்டது. சம்பவத்திரட்டுப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறுகள், பழைய படங்கள் எல்லாமே போய்விட்டன. கட்டடத்தில் நின்றது மூன்று சுவர்கள். ஊரார் செட்டிகுளத்து முகாமில் இருந்தார்கள். அங்கேயும் பிள்ளைகள் கூடாரத்துக்குள் படித்துப் பரீட்சை எழுதினார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

2010இல் ஊருக்குத் திரும்பியபோது, வாய்க்கால் ஓரத்து மருதமரத்தடியில் தறப்பாள் கட்டி வகுப்புத் தொடங்கினோம். முதல் நாள் 43 பிள்ளைகள் வந்தார்கள். அன்றைய அதிபர் புதிய கொப்பி ஒன்றில் கோடு போட்டு, இலக்கம் 1 என்று எழுதி, முதல் பிள்ளையின் பெயரைப் பதிந்தார். அந்தக் கொப்பிதான் இன்றைக்கும் எங்கள் சேர்விடாப்பு.

பழைய பாடசாலையிலிருந்து ஒரேயொரு பொருள் திரும்பி வந்தது. தரம் 3இன் 2008ஆம் ஆண்டு வரவு இடாப்பு. அந்த வகுப்பாசிரியர் அதை அரிசிப் பைக்குள் வைத்து, பதுங்குகுழி பதுங்குகுழியாகக் காவிக்கொண்டு போய், முகாமிலும் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்தார். அதில் 31 பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குரிய பிள்ளைகள் சிலர் இன்று இந்தப் பந்தலுக்குள் தாயாகவும் தகப்பனாகவும் இருக்கிறார்கள். சில பெயர்களைக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் இரண்டாம் வரிசையில் வந்திருக்கிறார். சேர், நாங்கள் எல்லோரையும் வரவேற்பதற்கு முன்னால் உங்களை வரவேற்கிறோம். பிள்ளைகளே, எழுந்து நின்று கைதட்டுங்கள்.

நன்றி. இருங்கள் பிள்ளைகள்.

வகுப்பில் காலையில் நாங்கள் முதலில் செய்வது இடாப்புக் கூப்பிடுவது. பெயரைக் கூப்பிடும்போதுதான் பிள்ளை அன்றைக்கு வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது. இன்றைய வரவேற்பையும் நான் அப்படித்தான் செய்யப்போகிறேன்.

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கணித ஆசிரியர் இல்லாமல் நாங்கள் தவித்த இரண்டு தவணைகளில் நீங்கள் நேரில் வந்து பார்த்தீர்கள். மூன்றாம் தவணையில் ஆசிரியர் வந்துவிட்டார். இம்முறை சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைந்த பிள்ளைகள் சற்று நேரத்தில் உங்கள் கையால் பரிசு வாங்கப்போகிறார்கள். உங்களை மனதார வரவேற்கிறோம்.

பழைய மாணவர் ஐயா, உங்களுக்கு விடுகைப் பத்திரம் தர எங்களிடம் ஏடு இல்லை. ஆனால் உங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த அண்ணர் ஒருவர் நேற்று வந்து, நீங்கள் இருந்த இடத்தைக் காட்டினார். மேடைக்கு இடப்பக்கம், இப்போது நூலகம் இருக்கும் மூலை. நூலகத்தை நீங்கள் கட்டித் தந்தபோது அது உங்கள் பழைய வகுப்பறை என்று எங்களுக்குத் தெரியாது. உங்களையும், முதன்முறையாக இந்த மண்ணை மிதித்திருக்கும் உங்கள் துணைவியாரையும் பிள்ளைகளையும் அன்போடு வரவேற்கிறோம்.

குருக்கள் ஐயாவையும் பங்குத்தந்தையையும் வணங்கி வரவேற்கிறோம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இந்த மண்டபத்தில் தங்கிய குடும்பங்களுக்கு இருவரும் ஒரே கிடாரத்தில் சமைத்துக் கொடுத்ததை ஊர் மறக்கவில்லை. கிராம அலுவலரையும், அயற் பாடசாலை அதிபர்களையும், கதிரைகள் தந்து உதவிய சனசமூக நிலையத்தாரையும் வரவேற்கிறோம்.

அடுத்தது பெற்றோர். உங்களைக் கடைசியில் கூப்பிடுவது உங்கள் இடம் கடைசி என்பதால் இல்லை. மழை இருண்டு நிற்கிறது. காலபோகத்துக்கு விதைக்க வேண்டும். லாண்ட்மாஸ்டர் வாடகைக்குக் கிடைப்பதே இந்த நாட்களில் பெரும்பாடு. அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் தனியாளாய் நின்று பிள்ளை வளர்க்கும் அம்மாமார் பலர் இங்கே இருக்கிறீர்கள். காலையில் தோட்டத்தில் கூலிக்கு நின்றுவிட்டு, பின்னேரம் வந்து பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். இன்றைக்குப் பின்வரிசை என்று ஒன்று இல்லை. முன்னால் கதிரைகள் இருக்கின்றன, வந்து இருங்கள்.

நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு சொல். தரம் 8 பிள்ளைகள் அருவி வெட்டுப் பாட்டோடு ஆடப்போகிறார்கள். வெட்டு மெசின் வந்த பிறகு வயலில் யாரும் பாடுவதில்லை. எங்கள் ஊர் அப்பு ஒருவர் ஆறு சனிக்கிழமை வந்து, சொல்லுக்குச் சொல் பாடிக்காட்டிப் பழக்கினார். சூடு மிதிக்கும்போது நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைத் திருத்தினார். அப்பு, உங்களையும் வரவேற்கிறோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட 2009க்கு முன் பிறந்தவர் இல்லை. அவர்கள் வாயில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது உங்களில் சிலருக்குக் கண் கலங்கும். எனக்கு ஒத்திகையிலேயே கலங்கியது.

சரி, தமிழ் விளங்காத விருந்தினர்களுக்காக இந்த வரவேற்பை ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்ல எங்கள் தரம் 9 மாணவியை அழைக்கிறேன். தமிழ் எழுத்தில் எழுதிவைத்து இரண்டு கிழமையாகப் பழகியிருக்கிறாள். அதைத் தொடர்ந்து வரவேற்பு நடனம்.

வா மகள்.

ஆங்கில வரவேற்பு, மாணவியின் தாளில் உள்ளபடி:

குட் ஈவ்னிங், அண்ட் வணக்கம்.

ஆன் பிஹாஃப் ஆஃப் அவர் பிரின்சிபல், டீச்சர்ஸ், பேரன்ட்ஸ் அண்ட் சில்ட்ரன், ஐ வெல்கம் யூ டு அவர் ஆனுவல் பிரைஸ் கிவிங்.

அவர் ஸ்கூல் லாஸ்ட் இட்ஸ் பில்டிங் அண்ட் இட்ஸ் புக்ஸ் இன் த வார். இன் 2010, அவர் டீச்சர்ஸ் ஸ்டார்டட் அகெய்ன் அண்டர் எ ட்ரீ, வித் 43 சில்ட்ரன். வன் டீச்சர் கேரீட் எ கிளாஸ் ரெஜிஸ்டர் த்ரூ எவ்ரிதிங். ஹி இஸ் ஹியர் டுநைட்.

டு அவர் கெஸ்ட்ஸ் ஃப்ரம் கனடா: யுவர் ஃபாதர் ஸ்டடீட் இன் திஸ் ஸ்கூல். ஹிஸ் பென்ச் வாஸ் வேர் அவர் லைப்ரரி இஸ் நவ். ப்ளீஸ் கோ அண்ட் சிட் தேர் பிஃபோர் யூ லீவ்.

டுநைட் யூ வில் ஹியர் த ஹார்வெஸ்ட் சாங்ஸ் ஆஃப் த வன்னி. இஃப் யூ டூ நாட் நோ த வேர்ட்ஸ், ப்ளீஸ் கிளாப் வித் அஸ்.

தேங்க் யூ.