அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன்: சர்ஜன் ஐயாவுக்கு நன்றி

கல்லிடைக்குறிச்சி

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பித்தப்பைக் கல்லுக்காக எங்கள் அம்மாவுக்கு நீங்கள் லேப்ராஸ்கோப்பியில் ஆபரேஷன் செய்து இன்றோடு 12 நாள் ஆகிறது. தொப்புள் பக்கம் ஒன்று, மேல்வயிற்றில் மூன்று என நாலு துளைகளும் நன்றாக ஆறிவிட்டன. தையல் பிரித்த இடத்தில் சிவப்போ நீர்க்கசிவோ இல்லை. காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சளும் இல்லை.

பித்தக்குழாய் சரியாகப் பிடிபடாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று, கையெழுத்து வாங்கும் முன்பே படம் வரைந்து சொன்னீர்கள். மறுநாள் அம்மாவுக்கு வலது தோள் வலித்தபோது நாங்கள் பதறாமல் இருந்ததும் உங்களால்தான். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்தும், அந்த வலி தோளில் தெரியும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தீர்கள். அப்படியே போயிற்று.

இட்லி, ரசஞ்சாதம், ஆவியில் வெந்த காய் என்று சாப்பாடு நடக்கிறது. சொதியும் நெய் ஊறிய அல்வாவும் இப்போதைக்கு வேண்டாம் என்றதில் மட்டும் அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். கனம் தூக்காமல் இருக்க, தண்ணீர்க் குடத்தை அவர்கள் தொடுவதே இல்லை.

மயக்க மருத்துவருக்கும், மூன்று பந்துக் கருவியில் மணிக்கொரு தரம் மூச்சை இழுக்க வைத்த வார்டு சிஸ்டருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு வருகிற திங்கட்கிழமை ஓ.பி.க்கு வருகிறோம்.

மிக்க நன்றி ஐயா.

இப்படிக்கு,
அம்மாவும் மக்களும்