உங்கள் வணக்கத்துக்குப் பதில்

வணக்கம். நேற்று இரவு நீங்கள் அனுப்பிய வணக்கமும், சற்று நேரம் கழித்து வந்த “எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை” என்ற வரியும் எனக்குக் கிடைத்தன. எழுதியதற்கு நன்றி. நான் இங்கே கடிதங்களுக்குப் பதில் எழுதும் தன்னார்வலர். உங்கள் பெயரையோ ஊரையோ கேட்கப்போவதில்லை.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் யாருக்குமே தொடங்குவது கடினம்தான். அதனால், நேற்று இரவு எனக்கு எழுதுவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, அல்லது எது நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால், உங்கள் மனத்தை அழுத்துவது ஒரு மனிதரைப் பற்றியதா, வேலையையோ படிப்பையோ பற்றியதா, பணமா, உடல்நலமா, அல்லது காரணமே புலப்படாத ஒரு பாரமா என்று ஒரே சொல்லில் எழுதினாலும் போதும். இவற்றில் எதுவும் பொருந்தாவிட்டால் “வேறு” என்று எழுதுங்கள். அடுத்த கேள்வியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சில நேரங்களில் மனத்தில் இருப்பதைச் சொல்வதைவிட உடம்பில் தெரிவதைச் சொல்வது எளிது. உறக்கம் எப்படி இருக்கிறது? நடு இரவில் விழித்தால் மறுபடியும் கண்ணயர முடிகிறதா? சாப்பாடு பிடிக்கிறதா? நெஞ்சு படபடப்பது, தொண்டை அடைப்பது, எழுந்திருக்கவே அலுப்பாக இருப்பது போன்றவை உண்டா? முன்பு விரும்பிச் செய்த எதையாவது அண்மையில் விட்டுவிட்டீர்களா?

சொன்னால் நான் தவறாக நினைப்பேனோ, யாரையாவது காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமோ என்ற தயக்கமும் இருக்கலாம். அப்படியென்றால், எதைச் சொல்ல அஞ்சுகிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, சொன்னால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறீர்கள் என்பதை முதலில் பேசலாம். நீங்கள் எழுதுவதை நானும் எனக்கு வழிகாட்டும் மூத்த ஆலோசகரும் மட்டுமே படிப்போம். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறு உதவியை நாட வேண்டியிருக்கும். அதையும் கூடுமானவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வோம்.

ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன், எல்லோரிடமும் கேட்பதுதான். வாழ வேண்டாம் என்ற எண்ணமோ, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா? “ஆம்” என்று எழுதினாலும் நான் பதறமாட்டேன், உங்களைக் குறைவாக எண்ணவும் மாட்டேன். அந்த எண்ணம் இப்போதே வலுவாக இருந்தால், என் பதிலுக்காகக் காத்திருக்காமல் அருகில் இருக்கும் ஒருவரை அழைத்து உடன் இருக்கச் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணையும் அழையுங்கள். வேறொருவரால் உங்களுக்கு ஆபத்து இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். அவர் உங்கள் கைப்பேசியைப் பார்க்கக்கூடியவர் என்றால், இந்தக் கடிதத்தைப் படித்ததும் அழித்துவிடலாம்.

இத்தனை கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. எளிதாகத் தோன்றும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் முடியாமல் பாதியில் நின்றாலும் அப்படியே அனுப்புங்கள். இன்று இரவு 10 மணி வரை இருப்பேன், நாளை மாலை 6 மணிக்கு மறுபடியும் வருவேன். இன்று எழுத முடியவில்லை என்றால் “நாளை” என்று மட்டும் அனுப்பினாலும் சரி.