கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம்: மின்னழுத்தமானித் தரம்பார்த்தல் ஆய்வறிக்கை

நோக்கம்

கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலத்தின் செறிவை, pH வளைவரையின் முதல் வகைக்கெழுவில் தெரியும் இரண்டு முடிவுநிலைகளைக் கொண்டு கணக்கிடுவது. பானத்தின் பழுப்பு நிறம் நிறங்காட்டியின் நிறமாற்றத்தை மறைத்துவிடும் என்பதால் கண்ணாடி மின்வாய் பயன்படுத்தப்பட்டது.

அடிப்படை

H₃PO₄ மூன்று புரோட்டான்களைப் படிப்படியாக இழக்கிறது. pKa மதிப்புகள் 2.15, 7.20, 12.35. முதல் இரண்டுக்கும் இடையே ஐந்து அலகு இடைவெளி இருப்பதால் இரண்டு பாய்ச்சல்கள் தனித்தனியே தெரியும். மூன்றாவது புரோட்டானை நீரில் இப்படித் தரம்பார்க்க இயலாது. முதல், இரண்டாம் முடிவுநிலைகள் வரை செலவாகும் சோடியம் ஹைட்ராக்சைடின் பருமன்கள் முறையே V₁, V₂ எனில், பாஸ்பாரிக் அமிலம் மட்டுமே இருந்தால் V₂ − V₁ = V₁ ஆக வேண்டும். இந்த ஆய்வின் உண்மையான சோதனை இந்தச் சமன்பாடுதான்.

செய்முறை

மூலப்பொருள் பட்டியலில் பாஸ்பாரிக் அமிலம் மட்டுமே குறிக்கப்பட்டிருந்த கோலா தேர்ந்தெடுக்கப்பட்டது. சிட்ரிக் அமிலம் கலந்திருந்தால் மேற்கண்ட சமன்பாடு அதைக் காட்டிக்கொடுக்காது: pH 4.8 வரை ஏறத்தாழ ஒன்றரை புரோட்டானும், அதற்குப் பிறகு மீதி ஒன்றரையும் வினைபுரியும். V₁, V₂ இரண்டும் சேர்ந்தே உயரும். ஆகவே பட்டியலைப் படிப்பது ஆய்வின் ஒரு படி.

கோலாவைக் கடிகாரக் கண்ணாடியால் மூடி 20 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் இழந்த நீரை ஈடுசெய்து பழைய பருமனுக்குக் கொண்டுவந்தோம். அதில் 50.00 மி.லி. பிப்பெட்டால் எடுத்துக் காந்தக் கலக்கியின் மேல் வைத்தோம். pH மானி 4.01, 7.00, 10.01 தாங்கல் கரைசல்களால் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது. சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவு, உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு நிலைப்படுத்தப்பட்டது: 0.1011 கிராமுக்கு 25.00 மி.லி. செலவாயிற்று, செறிவு 0.0198 M.

தொடக்க pH 2.45. முதலில் 1 மி.லி. வீதம் சேர்த்தோம்; முதல் முடிவுநிலையை ஒட்டி 0.10 மி.லி., இரண்டாவதை ஒட்டி 0.20 மி.லி. மானி 0.01 வரைதான் காட்டுகிறது. 0.10 மி.லி. இடைவெளியில் அந்த ஓர் இலக்கமே சரிவில் 0.1 பிழையாகிவிடும். தட்டையான இரண்டாம் முகட்டை அது குழப்பும் என்பதால்தான் அங்கே இடைவெளி அகலமாக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அளவீடு நிலைத்த பிறகே குறித்தோம்.

அளவீடுகள்

விரிதாளில் A நிரலில் பருமன் (மி.லி.), B நிரலில் pH:

```
=(B3-B2)/(A3-A2)
```

இந்த மதிப்பை இரு பருமன்களின் நடுப்புள்ளிக்கு எதிராக வரைய வேண்டும். பின்னதற்கு எதிராக வரைந்தால் முகடு அரை இடைவெளி தள்ளிப்போகும்.

| பருமன் | pH | நடுப்புள்ளி | dpH/dV |
|---|---|---|---|
| 13.40 | 4.28 | | |
| 13.50 | 4.45 | 13.45 | 1.7 |
| 13.60 | 4.69 | 13.55 | 2.4 |
| 13.70 | 4.97 | 13.65 | 2.8 |
| 13.80 | 5.21 | 13.75 | 2.4 |
| 13.90 | 5.39 | 13.85 | 1.8 |

| பருமன் | pH | நடுப்புள்ளி | dpH/dV |
|---|---|---|---|
| 27.55 | 8.80 | | |
| 27.75 | 9.07 | 27.65 | 1.35 |
| 27.95 | 9.41 | 27.85 | 1.70 |
| 28.15 | 9.68 | 28.05 | 1.35 |

கணக்கீடு

V₁ = 13.65 மி.லி.; V₂ = 27.85 மி.லி.

முதல் முடிவுநிலைப்படி: 13.65 × 0.0198 ÷ 50.00 = 0.005405 M. மோலார் நிறை 98.00 ஆகையால் லிட்டருக்கு 530 மி.கி. மேலும் இரு தரம்பார்த்தல்களில் V₁ 13.60, 13.70 என வந்தது. முடிவு 528 முதல் 532 மி.கி. வரை.

V₂ − V₁ = 14.20 மி.லி. எனவே இரண்டாம் புரோட்டானை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 551 மி.கி. வருகிறது.

விவாதம்

0.55 மி.லி. வேறுபாடு பியூரெட் பிழைக்குள் அடங்காது. அது எஞ்சிய கார்பன் டை ஆக்சைடு. கார்பானிக் அமிலத்தின் முதல் pKa 6.35, pH 4.8-இல் அது பெரும்பாலும் நடுநிலை மூலக்கூறாகவே இருப்பதால் V₁-ஐ ஏறக்குறையத் தொடுவதில்லை. 9.2-க்குள் பைகார்பனேட்டாகி V₂-ஐக் கூட்டிவிடுகிறது. வாயு நீக்காத கோலாவில் இந்த வாயு, மோல் கணக்கில் பாஸ்பாரிக் அமிலத்தைவிடப் பல மடங்கு. இரண்டாம் முடிவுநிலை பியூரெட்டின் கொள்ளளவையே தாண்டிப் போகும்.

இதை உறுதிசெய்ய, அதே மாதிரியை மேலும் 10 நிமிடம் கொதிக்கவைத்துப் பருமனை ஈடுசெய்து மறுபடி தரம்பார்த்தோம். V₁ 13.65-லேயே நின்றது, V₂ − V₁ 13.75-ஆகக் குறைந்தது. ஆகவே அறிக்கையிடும் மதிப்பு V₁-இலிருந்து பெற்றதே: லிட்டருக்கு 530 மி.கி. பாஸ்பாரிக் அமிலம், அதாவது பாஸ்பரசாக 167 மி.கி.